விலகிய நாள் எது? கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் கடிதத்தில் நாட்களை எண்ணும் முறை

கேள்வி: "2024 செப்டம்பர் 2, திங்கள் அன்று வகுப்பு தொடங்கியது. 13-ஆம் தேதி வெள்ளி இரவு 9.40-க்கு, விலகுகிறேன் என்று பதிவாளர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 18-ஆம் தேதி விலகல் படிவம் கொடுத்தேன். அவர்களோ 20-ஆம் தேதிதான் விலகிய நாள் என்கிறார்கள். வகுப்பு தொடங்கி 14 நாட்களுக்குள் விலகினால் முழுக் கட்டணம், 28 நாட்களுக்குள் என்றால் பாதி, விலகிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும் என்பது விதி. 'விலகிய நாள் என்பது எழுத்துமூல அறிவிப்பு பதிவாளர் அலுவலகத்துக்குக் கிடைத்த நாள்' என்றும் இருக்கிறது. இன்று அக்டோபர் 15. நான் எந்தத் தேதியைச் சொல்ல வேண்டும்? கடிதத்தை எப்படி எழுதுவது?"

பதில்:

செப்டம்பர் 16 என்று சொல்லுங்கள். 13 வேண்டாம், 18-ம் வேண்டாம். கடிதத்தை இன்றே, அலுவலகம் மூடுவதற்குள் கொடுத்துவிடுங்கள். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். அது புரிந்தால்தான் அவர்கள் எதிர்க்கேள்வி கேட்கும்போது நீங்கள் தடுமாறாமல் பதில் சொல்ல முடியும்.

ஒரு கல்லூரியின் கணக்குப் பிரிவில் பல வருடம் இந்த மாதிரிக் கடிதங்களைப் பிரித்துப் படித்தவன் நான். நிராகரிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை நியாயமான கோரிக்கைகள்தான். ஆனால் எழுதியவர் தன் குடும்பச் சூழலையும் மனவருத்தத்தையும் இரண்டு பக்கம் எழுதிவிட்டு, தேதி வரும் இடத்தில் 'சுமார் ஒரு மாதத்துக்கு முன்' என்று முடித்திருப்பார். கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் எழுத்தருக்கு வேண்டியது அந்த ஒரு தேதிதான். அது கடிதத்தில் இல்லையென்றால் அவர் கணினியைத் திறந்து, அதில் என்ன தேதி இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வார். உங்களுக்கு 20 என்று சொன்னதும் அப்படித்தான் வந்திருக்கும்.

அந்த 20 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நீங்கள் படிவத்தைக் கொடுத்ததும் அது அப்படியே பதிவாகிவிடுவதில்லை. துறைத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும், நூலகத்தில் புத்தகம் எதுவும் பாக்கி இல்லை என்று எழுதி வாங்க வேண்டும், ஆய்வகத்திலும் அதே போல. எல்லாம் முடிந்து கடைசியில் ஒருவர் கணினியில் 'விலகல்' என்று மாற்றும்போது, அன்றைய தேதி தானாக விழுந்துவிடும். அது அவர்கள் வேலையை முடித்த நாள், நீங்கள் விலகிய நாள் அல்ல. உங்கள் கல்லூரியின் விதியே 'அறிவிப்பு கிடைத்த நாள்' என்று தெளிவாகச் சொல்லிவிட்டதால், 20-ஐப் பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. விதியின் அந்த வரியை மேற்கோள் காட்டினால் போதும்.

சரி, அப்படியானால் உங்களுக்கு மிகவும் சாதகமாகத் தெரிகிற 13-ஐ ஏன் சொல்லக் கூடாது? இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் விஷயத்தில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. முதல் கணக்கு, வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து விலகிய நாள் வரை. இது 14-க்குள் இருக்க வேண்டும். எத்தனை சதவீதம் கிடைக்கும் என்பதை முடிவு செய்வது இதுதான். இரண்டாவது, விலகிய நாளிலிருந்து நீங்கள் எழுத்தில் கேட்கும் நாள் வரை. இது 30-க்குள் இருக்க வேண்டும். கோரிக்கையை எடுத்துப் பார்ப்பார்களா மாட்டார்களா என்பதை முடிவு செய்வது இது. விலகிய நாளை முன்னால் தள்ளினால் முதல் கணக்கு சுலபமாகிறது, இரண்டாவது இறுகுகிறது. பின்னால் தள்ளினால் நேர்மாறாக நடக்கிறது.

எண்ணிப் பாருங்கள். 13 என்று வைத்துக்கொண்டால் முதல் கணக்கில் 11 நாள்தான், கவலையே இல்லை. ஆனால் அங்கிருந்து அக்டோபர் 15 வரை செப்டம்பரில் 17 நாள், அக்டோபரில் 15 நாள், ஆக 32 நாள். 30 தாண்டிவிட்டது. முப்பதாவது நாளான அக்டோபர் 13 ஞாயிறு என்பதால் மறுநாள் வரை இடம் உண்டு என்று வாதாடலாம். ஆனால் அந்த மறுநாளும் நேற்றோடு போய்விட்டது. 18 என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது கணக்கு 27 நாள், நன்றாகவே உள்ளே இருக்கிறது. ஆனால் முதல் கணக்கு 16 நாள் ஆகிவிடுகிறது, பாதிக் கட்டணம் போய்விடும். 16 என்று வைத்தால் முதல் கணக்கு சரியாக 14, இரண்டாவது 29. இந்த மூன்றில் இரண்டு கணக்கும் உள்ளே இருக்கும் ஒரே தேதி அதுதான்.

முதல் பத்தியில் 13-ஐயும் கடைசிப் பத்தியில் 18-ஐயும் 'விலகிய நாள்' என்று எழுதிய கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். எழுதியவருக்கு ஏமாற்றும் எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. ஒவ்வொரு இடத்திலும் எது பொருந்தியதோ அதை எழுதியிருப்பார். ஆனால் சரிபார்ப்பவர் இரண்டு தேதியையும் வட்டமிட்டு, ஓரத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தக் கடிதம் போய்த் திரும்புவதற்குள் 30 நாள் முடிந்துபோகும். ஒரே தேதி, கடிதம் முழுக்க அதே தேதி.

16 என்பது நமக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுத்த தேதி அல்ல, அதற்கு நியாயமும் இருக்கிறது. நீங்கள் மின்னஞ்சல் அனுப்பியது வெள்ளி இரவு 9.40. அலுவலக நேரம் முடிந்துவிட்டது. சனி, ஞாயிறு அலுவலகம் மூடியிருந்தால், வேலை நேரத்தில் அது அலுவலகத்தின் கைக்கு வந்தது திங்கள் 16 காலை. அலுவலக நேரத்துக்குப் பின் வருவதை அடுத்த வேலை நாளில் வந்ததாகக் கொள்வது பல நிறுவனங்களில் வழக்கம். உங்கள் கல்லூரிக் கையேட்டில் அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் பிரிவு எண்ணோடு எழுதுங்கள். அலுவலகத்திலிருந்து 16-ஆம் தேதி 'உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது' என்று ஒரு வரி பதில் வந்திருந்தால், அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம். சனிக்கிழமை அலுவலகம் திறந்திருந்தது என்றால் மட்டும் சிக்கல். அப்போது கிடைத்த நாள் 14 ஆகிவிடும், அங்கிருந்து முப்பதாவது நாள் நேற்று. அதனால் எழுதுவதற்கு முன் அலுவலக வேலை நாட்களை உறுதி செய்துகொள்ளுங்கள்.

14 என்ற எண்ணிக்கையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் அவர்கள் கை வைக்கப்போவது இங்கேதான். செப்டம்பர் 2-ஐ எண்ணாமல் 3-ஐ ஒன்று என்று தொடங்கினால் 16-ஆம் தேதி 14-வது நாள். 2-ஐயே ஒன்று என்று தொடங்கினால் 16-ஆம் தேதி 15-வது நாள் ஆகிவிடும். 'இன்ன நாளிலிருந்து இத்தனை நாட்களுக்குள்' என்று ஒரு விதி சொல்லும்போது, தொடங்கும் நாளை விட்டுவிட்டுக் கடைசி நாளைச் சேர்த்து எண்ணுவதுதான் பரவலான சட்ட மரபு. 'தொடங்கும் நாள் உட்பட' என்று விதியில் தனியாக எழுதியிருந்தால் மட்டுமே அது மாறும். நீங்கள் கொடுத்த வாசகத்தில் அப்படி எதுவும் இல்லை.

அவர்கள் விடாப்பிடியாக 2-ஆம் தேதியையும் சேர்த்தே எண்ணுவோம் என்றால்கூட, 14-வது நாள் செப்டம்பர் 15, ஞாயிறு. கெடுவின் கடைசி நாள் அலுவலகம் மூடியிருக்கும் நாளில் விழுந்தால், திறந்திருக்கும் அடுத்த நாள்வரை அது நீளும் என்பதும் பரவலான வழக்கம்தான். அந்த அடுத்த நாள் 16. ஆக இரண்டு வழியில் எண்ணினாலும் 16-ல்தான் வந்து நிற்கிறது. முதல் வழி வலுவானது. இரண்டாவது, விதி ஞாயிற்றுக்கிழமை பற்றி எதுவும் சொல்லாதபோது வாதத்துக்கு உரியது. அதனால் கடிதத்தில் முதல் வழியை முன்னால் வையுங்கள், இரண்டாவதை ஒரே வாக்கியத்தில் சொல்லி விட்டுவிடுங்கள்.

விரலால் எண்ணினால் ஒன்று கூடும், ஒன்று குறையும். விரிதாளில் A2-ல் தொடங்கிய தேதி, B2-ல் முடிந்த தேதி போட்டுக் கழித்தால், தொடங்கும் நாளை விட்ட எண்ணிக்கை கிடைக்கும்:

```
=B2-A2
```

விதியில் 'வேலை நாட்கள்' என்று இருந்தால் கணக்கே வேறு. அதற்கு NETWORKDAYS என்ற சூத்திரத்தைப் பலர் போடுகிறார்கள். அது இரண்டு முனை நாட்களையும் சேர்த்தே எண்ணும் என்பதை மறந்துவிடுகிறார்கள். செப்டம்பர் 2 முதல் 16 வரை அது 11 என்று காட்டும். தொடங்கும் நாளை விட்டால் 10 தான். உங்கள் விதியில் வெறும் 'நாட்கள்' என்று இருப்பதால் சனி ஞாயிறும் சேரும், இந்தச் சூத்திரம் உங்களுக்கு வேண்டியதில்லை.

இனி ஒரு பலவீனமான இடம். 'அறிவிப்பு என்றால் படிவம்தான், மின்னஞ்சல் செல்லாது' என்று அவர்கள் சொல்லலாம். உங்கள் விதியில் 'எழுத்துமூல அறிவிப்பு' என்றுதான் இருக்கிறது, 'உரிய படிவத்தில்' என்று இல்லை. அது உங்களுக்குச் சாதகம். ஆனால் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'இப்படிவம் சமர்ப்பித்த நாளே விலகிய நாள்' என்று அச்சடித்திருக்கும் கல்லூரிகளும் உண்டு. 18-ஆம் தேதி கொடுத்த படிவத்தின் நகலை இரண்டு பக்கமும் பாருங்கள். அப்படி ஒரு வரி இருந்தால், மாணவர் சேர்ந்தபோது வெளியிட்ட விதிக்கும் படிவத்துக்கும் முரண்பாடு இருக்கிறது, விதியே மேலானது என்று நீங்கள் வாதாட வேண்டிவரும். முடிவு உறுதியில்லை, பாதித் தொகையோடு நிற்கவும் வாய்ப்பு உண்டு.

அதே நகலில் இன்னொன்றையும் தேடுங்கள். நிறைய விலகல் படிவங்களில் 'கட்டணம் திரும்பப் பெற வேண்டுமா' என்று ஒரு கட்டமும், வங்கிக் கணக்கு எண் எழுத ஒரு வரியும் இருக்கும். அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருந்தால், நீங்கள் எழுத்தில் கேட்டது செப்டம்பர் 18-லேயே நடந்துவிட்டது. இரண்டாவது கணக்கு அன்றே முடிந்தது, இன்றைய கடிதம் நினைவூட்டல்தான். அப்படி இருந்தால் 13, 14, 16 எதை எடுத்தாலும் 30 நாள் கணக்கில் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். 13-ஆம் தேதி மின்னஞ்சலில் கட்டணத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருந்தாலும் இதையே சொல்லலாம்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இப்படி எழுதலாம்:

நாள்: 15 அக்டோபர் 2024
பெறுநர்: பதிவாளர். நகல்: கணக்கு அலுவலர்
பொருள்: படிப்பிலிருந்து விலகியதால் கட்டணத்தைத் திரும்பக் கோருதல் (சேர்க்கை எண், படிப்பின் பெயர்)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நான் மேற்கண்ட படிப்பில் சேர்ந்து, முதல் பருவக் கட்டணத்தை முழுவதும் செலுத்தினேன். ரசீதின் நகலை இணைத்துள்ளேன்.

படிப்பிலிருந்து விலகுவதாக 13 செப்டம்பர் 2024, வெள்ளி இரவு 9.40-க்குத் தங்கள் அலுவலக முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அது அலுவலக நேரத்துக்குப் பின் அனுப்பப்பட்டதால், அடுத்த வேலை நாளான 16 செப்டம்பர் 2024, திங்கள் அன்று தங்களுக்குக் கிடைத்தது. கட்டண விதியின்படி எழுத்துமூல அறிவிப்பு கிடைத்த நாளே விலகிய நாள். எனவே நான் விலகிய நாள் 16 செப்டம்பர் 2024. பின்னர் 18-ஆம் தேதி கொடுத்த படிவம் இந்த அறிவிப்பை உறுதி செய்வதற்கானது. 20-ஆம் தேதி அலுவலகப் பதிவு முடிந்த நாள்.

வகுப்பு தொடங்கிய நாள் 2 செப்டம்பர் 2024. அந்த நாளை நீக்கி எண்ணினால் 16 செப்டம்பர் 14-வது நாள். அந்த நாளைச் சேர்த்து எண்ணினாலும், 14-வது நாள் ஞாயிறாக இருப்பதால் அடுத்த வேலை நாளான 16-ஆம் தேதிவரை கெடு உள்ளது. ஆகவே முழுக் கட்டணமும் திரும்பப் பெற எனக்குத் தகுதி உண்டு.

விலகிய நாளிலிருந்து இன்று 29-வது நாள். விதி அனுமதிக்கும் 30 நாட்களுக்குள் இந்தக் கோரிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

கட்டணத்தை இணைப்பில் உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்புமாறு வேண்டுகிறேன். விலகிய நாளைப் பற்றித் தங்கள் கணக்கு வேறாக இருந்தால், எந்த விதிப் பிரிவின்படி என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
(பெயர், கையெழுத்து, தொலைபேசி எண்)

இணைப்பு: மின்னஞ்சலின் அச்சுப்படி, படிவத்தின் நகல், கட்டண ரசீது, விதியின் உரிய பக்கம், வங்கிக் கணக்கு விவரம்.

சில விஷயங்களை வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறேன். மாதத்தின் பெயரை எழுத்தில் போட்டிருக்கிறேன். 09/10 என்று எழுதினால் ஒருவர் அக்டோபர் 9 என்று படிப்பார், இன்னொருவர் செப்டம்பர் 10 என்று படிப்பார். ஏன் விலகினீர்கள் என்று எழுதவில்லை. உங்கள் விதி காரணத்தைக் கேட்கவில்லை. எழுதினால் பேச்சு தேதியை விட்டு அந்தப் பக்கம் போய்விடும். 13-ஆம் தேதியை மறைக்கவும் இல்லை. அது மின்னஞ்சலிலேயே இருக்கிறது, நீங்களே சொல்லி, அது ஏன் 16 ஆகிறது என்று விளக்குவதுதான் நேர்மை, அதுதான் வலுவும்கூட. 'முடியாவிட்டால் பாதியாவது தாருங்கள்' என்றும் எழுதவில்லை. அந்த ஒரு வரி இருந்தால், மேலே எண்ணிக் காட்டியதைப் படிக்காமலே பாதியை ஒதுக்கிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

பாதித் தொகை தானாகக் கணக்கில் வந்து விழுந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'இதற்கு மேல் கோரிக்கை எதுவும் இல்லை' என்று ஒரு ரசீதில் கையெழுத்துக் கேட்டால், மீதியைப் பற்றி எழுத்தில் பதில் வரும்வரை போட வேண்டாம்.

மின்னஞ்சலை அச்சடிக்கும்போது அனுப்பிய தேதியும் நேரமும் பெறுநர் முகவரியும் தெரியும்படி முழுப் பக்கமாக அச்சடியுங்கள். கைபேசித் திரையின் படத்தில் சில நேரம் 'வெள்ளி' என்று மட்டும் இருக்கும், தேதி இருக்காது. கட்டணத்தைப் பெற்றோரோ வேறு அமைப்போ செலுத்தியிருந்தால், பணம் செலுத்திய கணக்குக்கே திரும்பிப் போகவும் கூடும். அதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தோடு காப்புத் தொகை என்று ஏதாவது கட்டியிருந்தால் அது இந்த 14, 28 கணக்கில் வராது. பொதுவாக அது பாக்கி ஏதும் இல்லையென்றால் முழுதாகத் திரும்ப வர வேண்டியது, அதைத் தனி வரியாகக் கேளுங்கள்.

நாளை கொடுத்தால் ஆகாதா என்று நினைப்பீர்கள். தொடங்கும் நாளை விட்டு எண்ணினால் நாளை, அக்டோபர் 16, முப்பதாவது நாள்தான். ஆனால் அவர்கள் செப்டம்பர் 16-ஐயும் சேர்த்து எண்ணினால் முப்பதாவது நாள் இன்று. இன்றே கொடுத்தால் அந்தப் பேச்சே எழாது. மின்னஞ்சலில் அனுப்பினால் மாலை அலுவலகம் மூடுவதற்குள் போக வேண்டும். இரவு அனுப்பினால், செப்டம்பர் 13-க்கு நீங்கள் சொன்ன அதே நியாயப்படி அது நாளை கிடைத்ததாகிவிடும். முடிந்தால் இரண்டு பிரதி எடுத்து நேரில் போங்கள். ஒன்றை அவர்களிடம் கொடுத்துவிட்டு, மற்றதில் 'பெறப்பட்டது' முத்திரையைத் தேதியோடு போட்டு வாங்குங்கள். முத்திரையில் தேதிச் சக்கரத்தைச் சில நேரம் காலையில் திருப்ப மறந்திருப்பார்கள். மேசையை விட்டு நகருவதற்கு முன் தேதி 15 தானா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.